துணையின் இடத்தில் ஹை பிரீஸ்டஸ்: மனத்தைச் சொல்லாதவரைப் பற்றிய டாரட் ரீடிங்கைப் படிக்கும் முறை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மனத்தில் இருப்பதை எளிதில் வெளியே விடாத ஒருவரைப் பற்றி நான் டாரட் கார்டுகளை விரித்தபோது, துணைக்குரிய இடத்தில் ஹை பிரீஸ்டஸ் என்ற கார்டு வந்து விழுந்தது. 'சொல்லாமல் காதலிக்கிறார்' என்று அதைப் படித்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தேன். இடையில் பொறுமை இழந்து, கட்டணம் கொடுத்து வேறொருவரிடம் கேட்டேன். அவர் அதே கார்டைச் சுட்டிக்காட்டி, 'இன்னொரு பெண் இருக்கிறாள், மறைக்கிறார்' என்றார். இரண்டும் பிழை. நான் காத்திருந்தவர் வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார்; முடிவு தெரியும்வரை வீட்டாரிடம்கூட வாய் திறப்பதில்லை என்று இருந்திருக்கிறார். கார்டு பிழையாக வரவில்லை. அதில் இல்லாததை நானும் அந்த ரீடரும் ஆளுக்கொரு பக்கமாகச் சேர்த்துப் படித்தோம்.

அதன்பிறகு இந்த ஒரு கார்டை, இந்த ஓர் இடத்தில், எப்படிப் படிக்கவேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்டுகளைக் கொண்டு இன்னொருவரின் மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் செய்திகளை வரிசைப்படுத்தவும், அடுத்து அவரிடம் எதைக் கேட்பது என்று தீர்மானிக்கவும் அவை உதவும். அந்த அளவுக்குத்தான் இந்த வழிகாட்டியும் உதவும்.

1. விரிப்பதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

ரைடர்–வெயிட்–ஸ்மித் வகையைச் சேர்ந்த 78 கார்டுகள் கொண்ட ஒரு கட்டு வேண்டும். 1909-இல் லண்டனில் வெளிவந்த அந்தப் படங்களையே பெரும்பாலான பயிற்சிகளும் அடிப்படையாகக் கொள்கின்றன; கீழே நான் சொல்லும் படக்குறிப்புகளும் அவற்றுக்கு உரியவை. மார்செய் வகைக் கட்டில் இதே கார்டுக்குப் 'பெண் போப்' என்று பொருள்படும் பெயர் இருக்கும், அவள் மடியில் புத்தகம் திறந்திருக்கும். ஆகவே படத்தைக் கொண்டு செய்யும் வாசிப்பு அங்கே அப்படியே பொருந்தாது. அச்சு தெளிவாக இருப்பது முக்கியம். மலிவான ஒரு நகலை 350 ரூபாய்க்கு வாங்கி, அதில் திரைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் தெரியவே இல்லை என்பதைக் கண்டு, பிறகு 1,400 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன்.

கட்டைவிட முக்கியமானது ஒரு தாள். அதில், கடந்த நான்கு வாரங்களில் அந்த நபர் உங்களிடம் உண்மையில் சொன்னதையும் செய்ததையும் தேதியோடு எழுதுங்கள். 'அன்பாகப் பேசினார்' என்று எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. 'செவ்வாய்க்கிழமை இரவு அவரே அழைத்தார், இருபது நிமிடம், பெரும்பாலும் அலுவலகத்தைப் பற்றி' என்று எழுதுங்கள். ஆறேழு வரி போதும். இந்தத் தாள் இல்லாமல் ஹை பிரீஸ்டஸைப் படித்தால், கார்டின் மௌனத்தையும் ஆளின் மௌனத்தையும் உங்கள் ஆசை அல்லது அச்சம் வந்து நிரப்பிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

வெளியே ஒருவரிடம் ரீடிங் வாங்குவதாக இருந்தால், கட்டணம் நேரத்துக்கா, கேள்விக்கா, கூடுதல் கார்டுக்கும் தனியாக வாங்குவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் நாற்பது நிமிடத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். 'இன்னும் தெளிவு வேண்டுமா' என்று கேட்டு எடுத்த ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பது கடைசியில்தான் தெரிந்தது. எதையும் திட்டவட்டமாகச் சொல்லாத கார்டு விழும்போது இப்படிப்பட்ட ஏற்பாடு எவ்வளவு செலவில் கொண்டுபோய் விடும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

2. இடத்தின் பெயரை எழுதிய பிறகே கார்டுகளைக் கலையுங்கள்

'துணையின் இடம்' என்று ஒரே இடம் கிடையாது. கார்டுகளை இடம்வாரியாக அடுக்கும் அமைப்பைத்தான் ஸ்பிரெட் என்கிறோம்; சில ஸ்பிரெட்களில் அது 'அவர் இப்போது இருக்கும் நிலை'. சிலவற்றில் 'என்னைப் பற்றி அவர் உணர்வது'. வேறு சிலவற்றில் 'அவர் எனக்கு எப்படித் தோன்றுகிறார்'. மற்ற பல கார்டுகளில் இந்த வேறுபாட்டை மறந்தாலும் பெரிய கேடு இல்லை. ஹை பிரீஸ்டஸில் அது பொருளையே மாற்றிவிடும். முதல் வகையில், அவர் எதையோ தமக்குள் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார் என்று பொருள். அதற்கும் உங்களுக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இரண்டாம் வகையில், உங்களைப் பற்றிய அவருடைய உணர்வு இன்னும் சொல்லாக மாறவில்லை என்று படிக்கலாம். மூன்றாம் வகையில், அவரை நீங்கள் ஒரு புதிராக ஆக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதே விடை.

நான் ஐந்து கார்டு ஸ்பிரெட்டைப் பரிந்துரைக்கிறேன்: இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் துணை, நடுவில் இருவருக்கும் இடையே நடப்பது, அதற்குக் கீழே தடை, மேலே அடுத்த ஒரு மாதத்தின் போக்கு. துணையின் இடத்துக்கு 'அவர் இப்போது இருக்கும் நிலை' என்று பெயர் வையுங்கள். 'என்னைப் பற்றி அவர் உணர்வது' என்று வைக்கத்தான் ஆசை வரும். ஆனால் அதிகம் பேசாத ஒருவரைப் பற்றிய கேள்வியில், அந்தத் தலைப்புக்கு எந்த விடை வந்தாலும் அதைச் சரிபார்க்க வழி இருக்காது.

தலைகீழாக விழும் கார்டுகளைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பதையும் கலைப்பதற்கு முன்பே முடிவுசெய்து தாளில் குறித்துவிடுங்கள். விழுந்தபின் முடிவுசெய்தால் வசதியானதைத்தான் தேர்ந்தெடுப்போம்.

3. கார்டின் படத்தைப் பாருங்கள்

பொருள் அகராதியைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் படத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பெண் நேராக நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒருபுறம் கறுப்புத் தூண், மறுபுறம் வெள்ளைத் தூண். பின்னால் மாதுளம்பழங்கள் வரைந்த திரை. அந்தத் திரைக்கு அப்பால் தண்ணீர் கொஞ்சமாகத் தெரிகிறது. காலடியில் பிறைநிலா. மடியில் ஒரு சுருள், அதில் பாதி மேலாடைக்குள் மறைந்திருக்கிறது.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட அந்தச் சுருள்தான் முக்கியம். எழுத்து இருக்கிறது, வெற்றுத்தாள் இல்லை. அந்த எழுத்தில் ஒரு பகுதி தெரிகிறது, மறுபகுதி துணிக்குள் இருக்கிறது. இந்தக் கட்டை வடிவமைத்த வெயிட்டும், சில செய்திகள் பேசப்படும், சில உணர்த்தப்படும் என்றே அதை விளக்கியிருக்கிறார். துணையின் இடத்தில் அதை இப்படிப் படிக்கலாம்: அவரிடம் ஒன்று இருக்கிறது, அவருக்கு அது தெரியும், அதில் ஒரு பகுதியை ஏற்கெனவே உங்களுக்குக் காட்டியும் இருக்கிறார். உங்கள் தாளுக்குத் திரும்பிப் போய், அவர் காட்டிய பகுதி எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது சொல்லாக இருக்காது. தவறாமல் வரும் அழைப்பாகவோ, கேட்காமல் செய்துகொடுத்த ஒரு வேலையாகவோ, அல்லது திரும்பத் திரும்பத் தவிர்க்கும் ஒரு தலைப்பாகவோ இருக்கும்.

அவள் எழுந்து வருவதும் இல்லை, விலகிப் போவதும் இல்லை என்பதையும் கவனியுங்கள். கோப்பைகள் வரைந்த கப்ஸ் வகையின் எட்டாம் கார்டான எட்டு கப்ஸில் ஒருவர் முதுகைக் காட்டி நடந்து போகிறார். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆகவே 'விட்டுப் போகப்போகிறார்' என்பதற்கும் 'விரைவில் சொல்லிவிடுவார்' என்பதற்கும் இந்தப் படத்தில் ஆதாரம் இல்லை.

இன்னொரு பெண் என்ற முடிவுக்கு வருபவர்கள், கார்டில் பெண் உருவம் இருப்பதைக் கொண்டே அங்கு போகிறார்கள். துணை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இந்த உருவம் அவருடைய நிலையைக் குறிக்கும். வெயிட் தந்த பழைய பொருளில் வேறொரு சுவையான செய்தி உண்டு: கேட்பவர் ஆணாக இருந்தால் அவர் மனத்தில் இருக்கும் பெண், கேட்பவர் பெண்ணாக இருந்தால் அவளே. அதாவது பெண் ஒருத்தி கேட்கும்போது, மறைத்து வைத்திருப்பது அவளாகவே இருக்கலாம் என்ற கதவை அவர் திறந்து வைத்திருக்கிறார். நான் என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தபோது, அந்த ஏழு மாதத்தில் நானும் என் மனத்தில் இருந்ததை அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவருடைய மௌனத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

4. ஒத்துத் தோன்றும் கார்டுகளிலிருந்து பிரியுங்கள்

மௌனத்தைக் காட்டும் கார்டுகள் பல உண்டு. எது வரவில்லை என்று பார்ப்பதும் ஒரு வாசிப்புதான்.

மிக நெருக்கமானது வாள் வகையின் இரண்டாம் கார்டான இரண்டு ஸ்வார்ட்ஸ். அதிலும் அமர்ந்திருக்கும் பெண், பின்னால் நீர், வானில் பிறை, எண்ணும் இரண்டே. ஆனால் அவள் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன, மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்திருக்கிறாள். அந்தக் கார்டு வந்திருந்தால், அவருக்கே தெரியவில்லை, முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறார் என்று படித்திருப்போம். ஹை பிரீஸ்டஸின் கண்கள் திறந்திருக்கின்றன, கையில் எழுத்து இருக்கிறது. 'எனக்கே புரியவில்லை' என்று ஒருவர் சொல்வதற்கும் 'இப்போது சொல்லமாட்டேன்' என்று இருப்பதற்கும் உள்ள தூரம்தான் இந்த இரண்டு கார்டுகளுக்கும் இடையே உள்ளது. முதலாமவரிடம் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் பயன் உண்டு. இரண்டாமவரை நெருக்கினால் சுருள் இன்னும் உள்ளே போகும்.

மூன் கார்டையும் இதோடு குழப்புவார்கள், இரண்டிலும் நிலா இருப்பதால். மூன் கார்டில் அச்சமும் மயக்கமும் உண்டு, பார்ப்பது உண்மையா என்றே தெரியாத நிலை. ஹெர்மிட் தனிமையை விரும்பி ஒதுங்கியவர். ஹை பிரீஸ்டஸ் ஒதுங்கவில்லை, வாசலிலேயே அமர்ந்திருக்கிறாள்.

தலைகீழாக விழுந்திருந்தால் நான் இரண்டு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காத்துவைத்தது கசியத் தொடங்கியிருக்கிறது, அல்லது ஆழம்போலத் தெரிவது மேலோட்டமானது. இரண்டில் எது என்பதைத் தாளில் உள்ள நடத்தையை வைத்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

5. உணர்ச்சி என்ன என்பதை மற்ற நான்கு கார்டுகளில் தேடுங்கள்

அன்பா, கோபமா, களைப்பா என்பதை ஹை பிரீஸ்டஸ் சொல்லாது. எப்படி வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லும். எதை வைத்திருக்கிறார் என்பதற்கு அக்கம்பக்கம் பார்க்கவேண்டும். கப்ஸ் அதிகமாக இருந்தால் விஷயம் மனம் சார்ந்தது. பென்டகிள்ஸ் என்றால் பணம், வேலை, வீடு. ஸ்வார்ட்ஸ் என்றால் பேச்சு, முரண், எண்ணச் சுழல். வாண்ட்ஸ் என்றால் வேகம், முயற்சி, சுமை.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தெளிவு வேண்டும் என்று கூடுதல் கார்டு எடுப்பார்கள். அது பிடிக்காவிட்டால் இன்னொன்று. 78-இல் 14 கார்டுகள் கப்ஸ். முழுக் கட்டிலிருந்து ஐந்து கார்டுகள் எடுத்தால், அதில் ஒரு கப்ஸாவது வருவதற்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே ஐந்தாவது முறை கையில் வந்த கப்ஸ் அவருடைய காதலைக் காட்டவில்லை. நீங்கள் ஐந்து முறை எடுத்தீர்கள் என்பதைக் காட்டுகிறது. என் விதி: ஹை பிரீஸ்டஸுக்குக் கூடுதல் கார்டே எடுப்பதில்லை. சொல்லமாட்டேன் என்று அமர்ந்திருப்பவளிடம் மறுபடி மறுபடி கேட்பது, நேரில் அந்த நபரிடம் செய்து தோற்றுப்போன அதே காரியம்.

6. ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம்

குடும்பத்தார் அறிமுகம் செய்துவைத்து மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி என் தோழி கேட்டாள். அவளுடைய தாளில் இருந்தவை: ஞாயிறுதோறும் மாலையில் அவரே அழைப்பார், செய்திக்கு அன்றே பதில் வரும், ஆனால் 'நம்மைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று இருமுறை கேட்டபோதும் 'பார்க்கலாம்' என்றார், அவருடைய தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே வேறு தலைப்புக்கு மாறினார். இந்தக் கடைசி வரியை அவள் முதலில் எழுதவில்லை. 'வேறு ஏதாவது?' என்று நான் கேட்ட பிறகுதான் நினைவுவந்து சேர்த்தாள்.

விழுந்த கார்டுகள்: அவளுடைய இடத்தில் எட்டு வாண்ட்ஸ், அவருடைய இடத்தில் ஹை பிரீஸ்டஸ், நடுவில் ஆறு பென்டகிள்ஸ், தடையில் பத்து வாண்ட்ஸ், அடுத்த மாதத்தில் பேஜ் ஆஃப் கப்ஸ். எல்லாம் நேராக.

எட்டு வாண்ட்ஸில் மனித உருவமே இல்லை, எட்டுக் கோல்கள் வானில் பறக்கின்றன. அவள் அனுப்பும் செய்திகளின் வேகம் அது. அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். பறந்துவரும் கோல்களுக்கு எதிரே, அசையாமல் அமர்ந்திருக்கும் ஓர் உருவம். அவர் தரும் விடை குறைவு என்பதைவிட, இவள் கேட்கும் வேகம் அதிகம் என்ற காட்சியே முதலில் கண்ணில் பட்டது. நடுவில் உள்ள ஆறு பென்டகிள்ஸில் ஒருவர் தராசைப் பிடித்துக்கொண்டு காசு அளந்து கொடுக்கிறார், இருவர் மண்டியிட்டுக் கைநீட்டுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் சமமாக இல்லை, ஒருவர் அளந்து கொடுக்கிறார், மற்றவர் காத்திருக்கிறார்; ஞாயிறு அழைப்புக்காக அவள் வாரம் முழுவதும் காத்திருந்ததை இது அப்படியே வரைந்து காட்டியது.

தடையில் பத்து வாண்ட்ஸ்: பத்துக் கோல்களைக் கட்டாக அணைத்து, முகம் புதைந்து, குனிந்து நடக்கும் ஒருவர். இந்த ஸ்பிரெட்டில் கப்ஸ் ஒன்றுதான், அதுவும் வரப்போகும் மாதத்தில். மூன்றாம் நபரைக் குறிக்கும்படியான கார்டு எதுவும் இல்லை. ஆகவே மறைந்திருக்கும் செய்தி ஒரு சுமையைப் பற்றியதாக இருக்கலாம் என்று படித்தோம். நான் அதை அலுவலகச் சுமை என்று சொன்னேன். என் பிழை அது. தாளில் தங்கையைப் பற்றிய வரி இருந்தும் அதைக் கார்டோடு சேர்க்கத் தவறிவிட்டேன்.

பேஜ் ஆஃப் கப்ஸில், கையில் உள்ள கோப்பையிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கிறது. சிறிய, எதிர்பாராத ஒரு சொல் வரலாம் என்று எடுத்தோம், 'சம்மதம் சொல்லிவிடுவார்' என்று எடுக்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து, தங்கையின் படிப்புக் கடனுக்குத் தான்தான் பொறுப்பு என்றும், அது ஒரு நிலைக்கு வரும்வரை வாக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அதை அவர் சொன்னதற்குக் காரணம் கார்டு இல்லை, அவள் கேட்ட கேள்வி. அதைத்தான் அடுத்துச் சொல்கிறேன்.

7. ரீடிங்கை ஒரே ஒரு கேள்வியாக மாற்றுங்கள்

கார்டுகளை எடுத்துவைப்பதற்கு முன், அவரிடம் நேரில் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைத் தாளின் அடியில் எழுதுங்கள். 'என்மீது விருப்பமா இல்லையா' என்ற கேள்வி சுருளை முழுவதும் விரிக்கச் சொல்கிறது. ஹை பிரீஸ்டஸ் நிலையில் இருப்பவர் அதற்கு மூடிக்கொள்வார். தெரியும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். என் தோழி, தன்னுடைய நிலையை முதலில் சொன்னாள்: 'எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. எனக்கு அவசரம் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அது என் பதற்றம்.' பிறகு, 'வீட்டில் இப்போது உங்கள் தலையில் இருக்கும் பெரிய வேலை எது?' என்று கேட்டாள். பதிலுக்கு நெருக்கவில்லை. நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்த செய்திகளையும் குறைத்துக்கொண்டாள்.

கார்டைக் காட்டி, 'நீங்கள் எதையோ மறைப்பதாக வந்திருக்கிறது' என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். டாரட்டை நம்பாதவருக்கு அது கேலியாகத் தோன்றும், நம்புபவருக்கு வேவு பார்த்ததாகத் தோன்றும்.

8. மறுபடி எப்போது விரிப்பது

இந்தக் கார்டை நிலவோடு சேர்த்துப் பார்ப்பது மேற்கத்திய டாரட் வழக்கம். அதையொட்டி, ஒரு நிலா மாதம், அதாவது ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள், கழியும்வரை அதே கேள்விக்குக் கார்டு எடுப்பதில்லை என்று பல ரீடர்கள் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அது ஒத்துவருகிறது. காரணம் நிலா இல்லை, அவருடைய நடத்தையில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு நாளாவது தேவைப்படுகிறது. அந்த நாள்களில் தாளில் புதிய வரிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முப்பதாவது நாளில் பழைய தாளையும் புதிய வரிகளையும் அருகருகே வைத்து, முதலில் கார்டு இல்லாமல் படியுங்கள். பாதிப் பேருக்கு அப்போது விரிக்கவேண்டிய தேவையே இருக்காது என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் பேசாமல் இருப்பது உங்களைத் தண்டிப்பதற்காக என்றால், அதாவது நீங்கள் ஒன்றுக்கு மறுத்ததும் நாள்கணக்கில் பேச்சை நிறுத்தி, பணிந்ததும் மீண்டும் பேசுகிறார் என்பது தாளில் தேதியோடு தெரிந்தால், அதை ஹை பிரீஸ்டஸின் ஆழம் என்று படிக்காதீர்கள். முப்பது நாள் காத்திருக்கவும் வேண்டாம். கட்டை எடுத்துவைத்துவிட்டு, அந்தத் தாளை நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள்.